அர்ஜென்ட் மெயில் எப்போ போடலாம், எப்படி எழுதணும்: ஆபீஸுக்குப் புதுசா வந்தவங்களுக்கு

பெங்களூர் பீன்யால ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனியோட அக்கவுண்ட்ஸ்ல நான் இருக்கேன். ஒவ்வொரு மாசமும் 8ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதி வரைக்கும் எங்க இன்பாக்ஸ பாத்தா பாதி மெயில்ல அர்ஜென்ட்னு இருக்கும், அதுல நெஜமாவே அர்ஜென்ட் எதுன்னு கண்டுபிடிக்கறதுக்கே காலைல ஒரு மணி நேரம் போயிடும். அதனால எங்க டீம்ல யாரு புதுசா சேர்ந்தாலும் மொத வாரத்துலயே இத உக்கார வச்சு சொல்லிக் குடுத்துடறேன். இங்க எழுதப்போறதும் அதேதான், ஒரே ஒரு கேஸ எடுத்துக்கிட்டு முழுசா சொல்றேன்.

போன வருஷம் தர்மபுரிலேர்ந்து ஒரு பொண்ணு சேர்ந்துச்சு. பி.காம் முடிச்சுட்டு மொத வேலை. நவம்பர் 10ஆம் தேதி சாயங்காலம் அஞ்சே முக்கால் இருக்கும், என் சீட் பக்கத்துல வந்து நின்னு, "அக்கா, ஓசூர் பார்ட்டிக்கு மத்தியானமே அர்ஜென்ட்னு போட்டு மெயில் அனுப்பிட்டேன், இன்னும் ஒரு பதிலும் வரல, நாளைக்கு என்ன பண்றது"ன்னு கேட்டுச்சு. மொகத்துல அழுகை வராத குறை. மெயில காட்டும்மான்னு வாங்கிப் பாத்தேன். சப்ஜெக்ட் இப்படி இருந்துச்சு:

```
URGENT!!! INVOICE PENDING - DO THE NEEDFUL ASAP
```

உள்ளயும் மூணு வரி, முழுக்க கேப்பிடல் லெட்டர்ல. அவுட்லுக்ல செவப்பு ஆச்சரியக்குறியும் போட்டிருந்துச்சு. படிச்சா அவசரம்னு தெரியுது, ஆனா எந்த பில், என்ன பண்ணணும், எத்தன மணிக்குள்ள, பண்ணலன்னா என்ன ஆகும், இந்த நாலுல ஒண்ணு கூட அதுல இல்ல.

விஷயம் என்னன்னா, ஓசூர் பார்ட்டி அக்டோபர் 28ஆம் தேதி எங்களுக்கு ஒரு பில் போட்டாங்க, நம்பர் 0417. சரக்கு 4,00,000 ரூபா, அதுக்கு மேல 18 சதவீதம் ஐஜிஎஸ்டி 72,000 ரூபா. மாசா மாசம் ஜிஎஸ்டிஆர்-1 போடற கம்பெனிங்க, போன மாச விற்பனைய இந்த மாசம் 11ஆம் தேதிக்குள்ள ஏத்தணும். அப்படி ஏத்தினாத்தான் 14ஆம் தேதி எங்களுக்கு வர்ற 2பி லிஸ்ட்ல அந்த பில் தெரியும், தெரிஞ்சாத்தான் அந்த 72,000ஐ நாங்க கட்டவேண்டிய வரியில கழிச்சுக்க முடியும். ஓசூர்க்காரங்க 9ஆம் தேதி ராத்திரி, தாங்க ஏத்தப்போற பில் லிஸ்ட்ட எங்களுக்கு அனுப்பி வச்சாங்க, சரிபாத்துச் சொல்லுங்கன்னு. அதுல 0417 இல்ல. பொண்ணு அத கரெக்டா கண்டுபிடிச்சிருச்சு, அது நல்ல வேலை. மெயில்லதான் தப்பு நடந்துபோச்சு.

மொதல்ல, இது அர்ஜென்ட்டான்னு முடிவு பண்றது

மெயில தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல ஒரு நேரத்த எழுதுங்க. இந்த வேலை எத்தன மணிக்கு மேல பண்ணாலும் பிரயோஜனம் இல்ல, அந்த நேரம். சும்மா "சீக்கிரம்"னு எழுதக்கூடாது, தேதி, மணி ரெண்டும் வேணும். நம்ம கேஸ்ல அது நவம்பர் 11. ஆனா கடைசி நாள் ராத்திரி போர்ட்டல் எப்படி சுத்தும்னு ஜிஎஸ்டி வேலை பாத்தவங்களுக்குத் தெரியும், அதனால நாம கேக்கவேண்டிய நேரம் 11ஆம் தேதி மத்தியானம். அப்படி ஒரு நேரத்த எழுத முடியலன்னா, எவ்வளவு யோசிச்சும் வரலன்னா, அந்த மெயில் அர்ஜென்ட் இல்ல. நமக்கு மனசுல பதட்டமா இருக்கு, அவ்வளவுதான். பதட்டம் நெஜம்தான், ஆனா அத அடுத்தவங்க இன்பாக்ஸுக்கு அனுப்பத் தேவையில்ல.

ரெண்டாவது, அந்த நேரம் தாண்டிப்போச்சுன்னா என்ன ஒடையும், ஒடைஞ்சத திரும்ப ஒட்ட வைக்க முடியுமான்னு பாருங்க. இங்க 72,000 ரூபா காணாமப் போயிடாது, ஓசூர்க்காரங்க பின்னாடி சேர்த்தாங்கன்னா எங்களுக்கு அடுத்த மாச லிஸ்ட்ல வந்துடும். ஆனா இந்த மாசம் 20ஆம் தேதி 3பின்ற மாச வரிக் கணக்க போடும்போது அந்த 72,000ஐ கையிலேர்ந்து கட்டணும், ஒரு மாசம் அந்தப் பணம் மொடங்கிக் கெடக்கும். சம்பளம், வாடகைன்னு போற நேரத்துல சின்ன கம்பெனிக்கு அது பெரிய தொகைதான். ஆகவே இது அர்ஜென்ட், ஆனா வீடு தீப்பிடிச்ச மாதிரி அர்ஜென்ட் இல்ல. இந்த அளவு தெரிஞ்சாத்தான் மெயில்ல எந்தக் குரல்ல பேசணும்னு தெரியும். அதே பில் வெறும் 4,000 ரூபா சரக்கு, வரி 720ன்னு வச்சுக்கோங்க, அப்போ நான் குறி போடமாட்டேன், சாதாரணமா ஒரு மெயில் போட்டுட்டு அடுத்த மாசம் எடுத்துக்குவேன்.

மூணாவது, எல்லாரும் விட்டுடறது இது. அந்த ஆள் அந்த நேரத்துக்குள்ள மெயில பாப்பாரா? எங்க டீம்ல நாங்க வச்சிருக்கற கணக்கு இப்படி. இன்னும் ரெண்டு மணி நேரம்கூட இல்லன்னா மொதல்ல போன், பேசி முடிச்சதும் பேசினத எழுதி ஒரு மெயில், அது பதிவுக்காக. ரெண்டு மணியிலிருந்து ஒரு நாள் வரைக்கும் டைம் இருக்குன்னா அர்ஜென்ட் குறியோட மெயில். ஒரு நாளுக்கு மேல இருக்குன்னா குறியே வேண்டாம், சப்ஜெக்ட்ல தேதிய மட்டும் எழுதினாப் போதும். இது எங்க கணக்கு, உங்க ஆபீஸ்ல மெயில எவ்வளவு சீக்கிரம் பாப்பாங்கன்றத வச்சு நீங்க மாத்திக்கலாம், ஆனா ஏதாவது ஒரு கணக்கு இருக்கணும், இல்லன்னா அன்னைக்கு மனசு எப்படி இருக்கோ அப்படித்தான் குறி விழும்.

மேல இருக்கறவங்க "இது அர்ஜென்ட், உடனே மெயில் போடு"ன்னு சொல்லும்போது புதுசா வந்தவங்க அப்படியே போட்டுடுவாங்க. கேக்கறதுல தப்பே இல்ல: "சார், எத்தன மணிக்குள்ள வேணும்னு எழுதட்டும்?" பாதி நேரம் பதில், "வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தாப் போதும்"னு வரும். அப்போ அது அர்ஜென்ட் இல்லன்னு அவரே சொல்லிட்ட மாதிரி.

இன்னொண்ணும் இருக்கு. நாம மூணு நாள் வச்சிருந்துட்டு கடைசி நேரத்துல அனுப்பற வேலை. நேரம் எழுத முடியும், ஒடையும், எல்லாம் சரி, ஆனா அவசரம் வந்தது நம்மால. அப்போ குறி போடுங்க, கூடவே ஒரு வரி ஒத்துக்கோங்க, "இத நான் திங்கக்கிழமையே அனுப்பியிருக்கணும், தாமதம் என் பக்கம்"னு. அந்த ஒரு வரி இருந்தா எதிர்ல இருக்கறவங்க கோவப்படாம வேலைய எடுப்பாங்க, இத நான் பல தடவ பாத்திருக்கேன்.

அந்த செவப்புக் குறி எங்க வரைக்கும் போகுது

பொண்ணுகிட்ட நான் கேட்டேன், ஓசூர்க்காரர் எந்த மெயில்ல பாக்கறார்னு. ஜிமெயில்னு சொல்லுச்சு. அங்கதான் விஷயம். அவுட்லுக்ல `High Importance` அமுக்கினா மெயிலோட தலைப்பகுதில, கண்ணுக்குத் தெரியாத எடத்துல, இந்த மாதிரி வரி சேருது:

```
Importance: high
X-Priority: 1
```

அவ்வளவுதான் நடக்குது. மெயில் வேகமாப் போறதில்ல, அந்தப் பக்கம் மணி அடிக்கறதில்ல. அந்த வரிய படிச்சு செவப்பு குறி காட்டறதா வேண்டாமான்றது வாங்கற பக்கத்து சாஃப்ட்வேரோட இஷ்டம். அவுட்லுக் காட்டும். ஜிமெயில் காட்டாது. ஜிமெயில்ல மஞ்சள் கலர்ல ஒரு அம்பு மாதிரி குறி வருமே, அது நாம போட்டது இல்ல, அந்த ஆளு யார் மெயில தொறக்கறாரு, யாருக்கு பதில் போடறாருன்றதெல்லாம் பாத்து ஜிமெயில் தானா போட்டுக்கறது. அப்போ மத்தியானம் பொண்ணு போட்ட குறி ஓசூருக்குப் போய்ச் சேரவே இல்ல. போய்ச் சேர்ந்தது அந்தக் கத்தல் மட்டும்தான்.

நம்பலன்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஆபீஸ் அவுட்லுக்லேர்ந்து உங்க சொந்த ஜிமெயிலுக்கு குறி போட்டு ஒரு மெயில் அனுப்புங்க. போன்ல எப்படி வருதுன்னு பாருங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல அந்த மெயில தொறந்து, மூணு புள்ளிய அமுக்கி `Show original` போனீங்கன்னா மேல இருக்கற வரி உள்ள கெடக்கறது தெரியும், ஆனா இன்பாக்ஸ்ல ஒரு அடையாளமும் இருக்காது.

அதனால எங்க பழக்கம் என்னன்னா, ஆபீஸுக்குள்ள எல்லாரும் அவுட்லுக், அங்க குறி போடலாம். வெளி ஆளுக்குன்னா குறி இருக்கோ இல்லையோ, அது இல்லாத மாதிரி நெனச்சுத்தான் எழுதணும். இன்னும் ஒண்ணு, குறி மெயிலுக்குத்தான், ஆளுக்கு இல்ல. டூல ஆறு பேர், சிசில நாலு பேர்னு போட்டு குறி அமுக்கினா பத்து பேருக்கும் செவப்பாத்தான் போகும், வேலை செய்யவேண்டியது ஒருத்தர்தான்னாலும். அந்த ஒருத்தருக்கு தனியா அனுப்புங்க. மத்தவங்களுக்குத் தெரியணும்னா குறி இல்லாம அதையே ஃபார்வர்ட் பண்ணிக்கலாம்.

கேப்பிடல் லெட்டர் ஏன் வேலைக்காகாது

இது இன்னைக்கு நேத்து வந்த பேச்சு இல்ல. 1995 அக்டோபர்ல வந்த ஆர்எஃப்சி 1855ன்ற இணைய நடைமுறை ஆவணத்துலயே, பெரிய எழுத்துல எழுதினா கத்தற மாதிரி இருக்கும், சின்னதும் பெரிசும் கலந்து எழுதுங்கன்னு போட்டிருக்கு. கத்தினா மரியாதைக் குறைவுன்றது ஒரு காரணம். ஆனா எங்க வேலையில அதவிடப் பெரிய காரணம் வேற.

அக்கவுண்ட்ஸ் மெயில்ல இயல்பாவே பெரிய எழுத்துல வர்ற வார்த்தைங்க நெறைய இருக்கு, பான், டிடிஎஸ், ஜிஎஸ்டி, பில் நம்பர், வங்கியோட ஐஎஃப்எஸ்சி. சாதாரண வரியில அதெல்லாம் தனியா தெரியும், கண்ணு நேரா அங்க போகும். முழு வரியையும் கேப்ஸ்ல எழுதினா அந்த வார்த்தைங்களும் கூட்டத்துல கரைஞ்சு போயிடும், முக்கியமானது எதுவோ அதுதான் மறையும். `US`னு இருந்தா எங்களன்னு அர்த்தமா அமெரிக்காவான்னு ஒரு நொடி நிக்கணும், `IT`னு இருந்தா அதுவா, ஐடி டிபார்ட்மென்ட்டா, இன்கம் டாக்ஸான்னு யோசிக்கணும். எங்களுக்கு இது தினமும் நடக்கற விஷயம்.

அப்புறம் ஸ்பேம். நெறைய சர்வர்ல ஓடற ஸ்பேம்அசாசின்ன்ற ஸ்பேம் ஃபில்டர்ல `SUBJ_ALL_CAPS`னு ஒரு விதியே இருக்கு, சப்ஜெக்ட் முழுக்க பெரிய எழுத்துல இருக்கான்னு பாக்கறதுக்கு. அந்த ஒண்ண வச்சே மெயில் ஸ்பேமுக்குப் போயிடாது, ஆனா மத்த சின்னச் சின்ன சந்தேகத்தோட சேர்ந்து போகலாம். மனுஷங்களும் அப்படித்தான். கம்பெனிங்கள்ல செக்யூரிட்டி டிரெய்னிங் குடுக்கும்போது, அர்ஜென்ட், உடனே பணம் அனுப்பு, உடனே கிளிக் பண்ணுன்னு மெரட்டற மெயில நம்பாதீங்கன்னுதான் சொல்லிக் குடுக்கறாங்க. நாம அதே மாதிரி எழுதினா, நல்லா டிரெய்னிங் எடுத்த ஆளு நம்ம மெயிலயே தொறக்க பயப்படுவாரு.

அப்போ அவசரத்த எப்படிக் காட்டறது

தமிழ்ல கேப்பிடல் லெட்டரே கெடையாது. அதுக்காக நம்ம வீட்டுல யாரும் அவசரத்த சொல்லாம இருந்ததில்லையே. "இன்னைக்கே வா"ன்னு சொல்றோம், அந்த ஏகாரம் ஒண்ணு போதும். "நீங்கதான் பாக்கணும்", "இது ஒண்ணு மட்டும்", "மூணு மணிக்குள்ள", இப்படி சொல்லுலதான் அழுத்தம் வைக்கறோம். மெயில்லயும் அதே பழக்கத்த கொண்டுவாங்க, இங்கிலீஷ்ல எழுதினாலும் சரி. அழுத்தம் மூணு எடத்துல இருக்கணும்: யார் செய்யணும், எது மட்டும், எப்போக்குள்ள.

அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் உக்காந்து மெயில மறுபடி எழுதினோம். ஓசூர்க்காரரோட நாங்க தமிழ்லயே எழுதறதுதான் வழக்கம், பொண்ணு புதுசுன்றதால இங்கிலீஷ்லதான் எழுதணும்னு நெனச்சிருக்கு. மொதல்ல சப்ஜெக்ட். போன்ல சப்ஜெக்ட்டோட மொத நாலஞ்சு வார்த்தைதான் தெரியும், மிச்சம் வெட்டுப்பட்டுடும். அதனால கம்பெனி பேரு, "ரிகார்டிங்", "வணக்கம்" எதுவும் முன்னாடி வரக்கூடாது. வேலை முன்னாடி, நேரம் அதுக்குப் பக்கத்துல. இப்படி வந்துச்சு:

> பில் 0417 சேர்க்கணும், நாளை 1 மணிக்குள்ள (நவ. 11) – ஜிஎஸ்டிஆர்-1

இங்கிலீஷ்ல எழுதறவங்களுக்கு அதே அமைப்பு:

```
Add invoice 0417 by 11 Nov, 1 pm - GSTR-1
```

அர்ஜென்ட்ன்ற வார்த்தையே இதுல இல்ல பாருங்க. பொண்ணு கேட்டுச்சு, "அக்கா, அர்ஜென்ட்னு போடாம விட்டா சாதாரணம்னு நெனச்சுக்க மாட்டாரா?" நான் சொன்னேன், நாளைக்கு ஒரு மணின்னு படிக்கறவருக்கு அது அர்ஜென்ட்னு தனியா சொல்லணுமாம்மா. அந்த வார்த்தைய முன்னாடி போடறது தப்புன்னு நான் சொல்ல வரல, ஒரு தடவ, சாதாரண எழுத்துல, ஆச்சரியக்குறி இல்லாமப் போடலாம். ஆனா போன்ல கெடைக்கற அந்த நாலு வார்த்தை எடத்துல ஒண்ண அது தின்னுடும். 10ஆம் தேதி அந்த ஆளு இன்பாக்ஸ்ல இருபது அர்ஜென்ட் இருக்கும், "0417"னு ஒண்ணுதான் இருக்கும்.

அப்புறம் உள்ள. மொத வரியிலயே கேக்கறத முடிச்சுடணும், நலம் விசாரிப்பு எல்லாம் கடைசில. நாங்க எழுதினது இது:

> வணக்கம் சார்,
>
> நேத்து நீங்க அனுப்பின அக்டோபர் லிஸ்ட்ல எங்க பில் 0417 (தேதி 28.10, வரி 72,000) இல்ல. நாளைக்கு மத்தியானம் 1 மணிக்குள்ள அத சேர்த்துட்டு, புது லிஸ்ட்ட எனக்கு அனுப்ப முடியுமா?
>
> நாளைக்கு ஏறலன்னா 14ஆம் தேதி எங்க 2பியில வராது, 20ஆம் தேதி அந்த 72,000ஐ நாங்க கையிலேர்ந்து கட்டவேண்டி வரும்.
>
> பில் காப்பி இதோட இருக்கு. எங்க ஜிஎஸ்டி நம்பர் அதுலயே மேல இருக்கு, உங்க பதிவோட ஒரு தடவ ஒத்துப்பாருங்க.
>
> ஒருவேளை நாளைக்கு முடியாதுன்னா காலைல 11 மணிக்குள்ள ஒரு வரி சொல்லிடுங்க, நான் இங்க பணத்துக்கு ஏற்பாடு பண்ணிக்கறேன். மத்தியானம் மெயில் அவசரத்துல எழுதினது, பில் நம்பர் போடாம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க.

இதுல எந்த எடமும் கத்தல. ஆனா படிச்சவரு கீழ வைக்க முடியாது. ஏன்னா பில் காப்பி கையில இருக்கு, தேட வேண்டியதில்ல. எத்தன மணின்னு தெரியுது. விட்டா யாருக்கு என்ன நஷ்டம்னு தெரியுது, அதுவும் ஊதிப் பெருக்காம உள்ளபடி. முடியலன்னா என்ன பண்ணணும்னும் தெரியுது. அந்தக் கடைசி விஷயத்த நான் ரொம்ப முக்கியமா நெனைக்கறேன். "முடியாதுன்னா சொல்லிடுங்க"ன்னு ஒரு வழி விட்டாத்தான் முடியாதவங்களும் பதில் போடுவாங்க, இல்லன்னா பேசாம இருந்துடுவாங்க, நாம ஒரு மணி வரைக்கும் போன பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம்.

ஒரே ஒரு எடத்துல போல்ட் போடலாம், அது நேரம். "நாளைக்கு மத்தியானம் 1 மணிக்குள்ள"ன்றத மட்டும் போல்ட் ஆக்கினோம். ரெண்டு எடம் போட்டீங்கன்னாலே அதோட பலம் பாதியாயிடும். செவப்புக் கலர், பெரிய ஃபான்ட் எதுவும் வேண்டாம்.

கேப்ஸ்ல கத்தறவங்கள விட நம்ம ஊர்ப் பிள்ளைங்ககிட்ட நான் அதிகமா பாக்கற தப்பு இன்னொண்ணு, மரியாதைக்காக ரொம்ப மெதுவா எழுதறது. "சார், நேரம் கெடைக்கும்போது கொஞ்சம் பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்"னு எழுதிட்டு மேல செவப்புக் குறிய போட்டுடறாங்க. படிக்கறவருக்கு எது நெஜம்னே தெரியாது, அவரு நேரம் கெடைக்கும்போதுதான் பாப்பாரு. மரியாதைய "சார்", "முடியுமா", "பண்ணித் தர்றீங்களா"ன்ற எடத்துல வைங்க, நேரத்துல வைக்காதீங்க. "3 மணிக்குள்ள அனுப்பித் தர முடியுமா சார்"ன்றதுல மரியாதைக்கும் கொறைவில்ல, நேரமும் தெளிவா இருக்கு.

நேரம் எழுதறதுல வெளிநாட்டு கிளையன்ட் இருக்கறவங்க ஒரு விஷயம் கவனிக்கணும், ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பாக்கற சொந்தக்காரப் பையன் இதுல மாட்டிக்கிட்டான். ஈஓடின்னு எழுதாதீங்க. கலிபோர்னியால இருக்கறவருக்கு நாள் முடியறது சாயங்காலம் 5 மணின்னா, நமக்கு அது மறுநாள் விடியக்காலம் 5.30, அவங்க குளிர்காலத்துல 6.30. ஐஎஸ்டின்னு போட்டாலும் டப்ளின்ல கோடைகாலத்துல அவங்க நேரத்துக்கும் ஐஎஸ்டின்னுதான் பேரு. "பெங்களூர் நேரம் சாயங்காலம் 5, நவம்பர் 11"னு முழுசா எழுதிட்டா யாருக்கும் கொழப்பம் வராது.

பதில் வரலன்னா

ரெண்டாவது மெயில்ல குரல ஏத்தாதீங்க, கேக்கறத சுருக்குங்க. மேல எழுதின எதையும் திருப்பி எழுதவேண்டாம், அதே மெயிலுக்கு ரிப்ளைல ஒரே வரி, "சார், 0417 சேர்த்தாச்சா? ஆமா இல்லன்னு மட்டும் சொன்னாலும் போதும்". அதுக்கும் வரலன்னா போன்தான், மூணாவது மெயில் கெடையாது. அவரோட மேனேஜர சிசில இழுக்கறதுன்னா போன் பண்ணியும் கெடைக்கலன்ற நெலமைலதான், அதுவும் அவர்கிட்ட சொல்லிட்டு. சொல்லாம இழுத்தா இந்தத் தடவ வேலை நடக்கும், அடுத்த பில்லுக்கு அந்த ஆளு நம்மகிட்ட மொகம் குடுத்துப் பேசமாட்டாரு.

எங்க கேஸ்ல அதுக்கு அவசியமே வரல. மறுநாள் காலைல 9.40க்கு பதில் வந்துச்சு. பில்ல அவங்க சிஸ்டத்துல ஏத்தின பையன் எங்க ஜிஎஸ்டி நம்பர போடாம விட்டதால, அது பதிவு இல்லாதவங்களுக்கு வித்த கணக்குல போய் உக்காந்திருக்கு, அதான் லிஸ்ட்ல பேரு வரல. ஒத்துப்பாருங்கன்னு எழுதின அந்த வரிய வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்னு அவரே எழுதியிருந்தாரு. 12.20க்கு புது லிஸ்ட் வந்துச்சு, 0417 அதுல இருந்துச்சு.

வேலை முடிஞ்சதும் பொண்ண இன்னொரு மெயில் போடச் சொன்னேன், அதே த்ரெட்ல, சப்ஜெக்ட்டுக்கு முன்னாடி "முடிஞ்சது"ன்னு சேர்த்து, குறி இல்லாம: "பாத்துட்டேன் சார், சரியா இருக்கு, நன்றி". இத பல பேர் செய்யறதில்ல. செய்யலன்னா அந்த ஆளு மனசுல அது இன்னும் தொறந்தே கெடக்கும், திரும்ப ஒரு தடவ எடுத்துப் பாப்பாரு. அதே மாதிரி அந்த த்ரெட்லயே அடுத்த வாரம் வேற பேச்ச ஆரம்பிக்காதீங்க, டிசம்பர்ல டெலிவரி சலான் காப்பி கேக்கறதுக்கும் சப்ஜெக்ட்ல "நாளை 1 மணிக்குள்ள"ன்னு தொங்கிக்கிட்டு இருக்கும். புது விஷயத்துக்கு புது மெயில்.

14ஆம் தேதி காலைல பொண்ணு 2பிய டவுன்லோட் பண்ணி ஃபில்டர் போட்டுப் பாத்துச்சு. "அக்கா, 0417 வந்துடுச்சு, 72,000"ன்னு சொல்லிட்டு அடுத்த பார்ட்டியோட லிஸ்ட்ட எடுத்துச்சு. அதுல ரெண்டு பில் இல்ல, ரெண்டும் சேர்ந்து வரி 1,100 ரூபாதான். பேப்பர்ல நேரம் எழுதப் போச்சு, கொஞ்சம் யோசிச்சுட்டு "டிசம்பர் 11"னு எழுதுச்சு, குறி எதுவும் போடாம சாதாரணமா மெயில் அனுப்புச்சு.